ஐபிஎல் பந்தயப் பணம்: ஜெயித்தவர்கள் என்னைக் கேட்கிறார்கள், தோற்றவர் தரமாட்டேன் என்கிறார்

"பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஐபிஎல் சமயத்தில் எங்கள் லைனில் 12 பேர் சேர்ந்து ஆட்டத்துக்குப் பத்து வெள்ளி கட்டினோம். காசு வாங்கி வைப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் நான்தான். கமிஷன் எதுவும் எடுக்கவில்லை. இப்போது மூன்று பேர் பாக்கி. அதில் ஒருவர், எங்களுக்கெல்லாம் மூத்தவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், 630 வெள்ளி தரவேண்டும். சண்டை வரக்கூடாதென்று என் கைக்காசு 320 வெள்ளி போட்டு சிலருக்குக் கொடுத்துவிட்டேன். பாதியில் நின்ற ஒரு ஆட்டத்துக்கு வேறு தகராறு. இந்தக் காசை எப்படி வாங்குவது? போலீசுக்குப் போனால் எனக்கே சிக்கல் வருமா?"
– வாசகர், பினாங்கு

போலீஸ் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சிக்கல் உங்களுக்குத்தான் முதலில் வரும். மலேசியாவின் 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் பந்தயப் பணத்தை வாங்கி வைக்கும் ஆளைக் குறி வைத்து எழுதப்பட்டது. ரொக்கமாக வாங்கினாலும் கடனாக எழுதிக்கொண்டாலும், தனக்காக வாங்கினாலும் பிறருக்காக வாங்கினாலும் அந்தச் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு கிடையாது. கமிஷன் எடுக்கவில்லை என்பது உங்கள் நேர்மைக்குச் சான்று. சட்டத்துக்கு அது போதுமான பதில் அல்ல.

நீதிமன்ற வழியும் இல்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஜெயித்ததாகச் சொல்லும் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. பந்தய முடிவு தெரியும்வரை ஒருவரிடம் கொடுத்து வைத்த பணத்துக்கும் இதே நிலைதான். அண்ணன்மேல் நீங்கள் வழக்குப் போட முடியாது என்றால், ஜெயித்தவர்களும் உங்கள்மேல் போட முடியாது. இந்த இரண்டாவது பாதியை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் உங்களைக் கேட்கலாம், கோபப்படலாம். ஆனால் அந்தக் கடனுக்கு நீங்கள் ஜாமீன் போட்டவர் இல்லை. கைக்காசு கொடுத்ததும், நீங்களே ஜாமீன் என்று எல்லாரும் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். இனி ஒரு வெள்ளிகூட உங்கள் பையிலிருந்து போகக்கூடாது.

இப்போது 630க்கு வருகிறேன். உங்கள் கணக்குப் புத்தகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் 10, 20, 40, 80, 160, 320 என்று கூட்டிப் பாருங்கள். சரியாக 630. இதே தொகையைப் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். தோற்றதும் அடுத்த ஆட்டத்தில் டபுள் கட்டுவது, அதுவும் போனால் மறுபடி டபுள். ஒரு முறை ஜெயித்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்பது கட்டுபவரின் கணக்கு. ஒவ்வொரு ஆட்டத்தையும் சரிபாதி வாய்ப்பு என்றே வைத்துக்கொள்வோம். 70 லீக் ஆட்டத்துக்கும் கட்டினால், நடுவில் எங்காவது தொடர்ந்து ஆறு தோல்வி வருவதற்கு ஏறக்குறைய 40 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அண்ணனுக்கு நடந்தது அதிசயமான துரதிர்ஷ்டம் அல்ல.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உங்கள் மாதிரிக் குழுவில், தோற்றவர்கள் போட்ட பணத்தைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். மற்ற 11 பேரும் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டிருக்க, அண்ணன் 320 கட்டி ஜெயித்தாலும், அத்தனை பேரும் எதிர்ப்பக்கம் இருந்தால்தான் 110 வெள்ளி வரும். அதுதான் உச்சம். அதற்குள் 310 இழந்துவிட்டார். ஜெயித்திருந்தாலும் அவர் விட்டதைப் பிடித்திருக்க முடியாது. தோற்றால் மட்டும் முழுத் தொகையும் மற்றவர்களுக்குப் போகும். உங்கள் குழுவில் டபுள் கட்ட அனுமதித்த அன்றே இந்தத் தகராறு தொடங்கிவிட்டது. ஜெயித்தவர்கள் கேட்கும் பணத்தில் பெரும்பகுதி அண்ணனின் வெறும் வாய்ச்சொல்லாக மட்டுமே இருந்தது. யார் கையிலும் இருந்ததில்லை.

கடன் சொல்லிக் கட்டுவதில் இன்னொரு கோணல் உண்டு. கடனில் கட்டுபவர் ஜெயித்தால் அன்றே ரொக்கம் வாங்கிப் போவார். தோற்றால் எழுதி வைக்கச் சொல்வார். அதனால் உறையில் இருக்கும் நோட்டு குறையும், புத்தகத்தில் இருக்கும் எண் வளரும். உறையைப் பிரித்து எண்ணிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. எண்ணுவது உங்கள் வேலை என்பதால், குறைவதை முதலில் பார்த்ததும் நீங்கள்தான், வெட்கப்பட்டு நிரப்பியதும் நீங்கள்தான்.

சரி, செய்யவேண்டியதைப் பார்ப்போம். இன்றோடு கட்டுவது நிற்கட்டும். 'கடைசியாக ஒரு ஆட்டம், அதில் சரி பண்ணிவிடலாம்' என்று யாராவது சொல்வார்கள். அதுவும் வேண்டாம். அப்புறம் வாட்ஸ்அப் செய்திகளையும் டூயிட்நவ் பரிமாற்றப் பட்டியலையும் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு வரியாக ஒரே தாளில் எழுதுங்கள்: போட்டது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு, முடிவில் வரவேண்டியதா தரவேண்டியதா. ஒருவர் திங்கட்கிழமை 40 தரவேண்டும், வியாழக்கிழமை 60 வாங்கவேண்டும் என்றால், அவர் பெயரில் 20 வரவு என்று ஒரே எண்தான் நிற்க வேண்டும். நிறையப் பேர் இந்தக் கழிவைச் செய்வதில்லை. அதனாலேயே பாக்கி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். எல்லாரையும் கூட்டினால் வரவும் பற்றும் சமமாக வரவேண்டும். வரவில்லையென்றால் எங்கோ ஒரு ஆட்டம் இருமுறை எழுதப்பட்டிருக்கிறது, அல்லது விடுபட்டிருக்கிறது.

உதாரணத்துக்கு, அண்ணன் 630, மற்ற இருவர் 120, 50 என்று வைப்போம். மொத்தப் பற்று 800. நீங்கள் ஏற்கெனவே கொடுத்த 320க்கு, அதை வாங்கிக்கொண்டவர்களின் இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். மீதி 480 மற்ற வெற்றியாளர்களுக்கு. அதாவது உள்ளே வரும் ஒவ்வொரு ஐந்து வெள்ளியிலும் இரண்டு உங்களுக்கு, மூன்று அவர்களுக்கு. இருவரிடமிருந்து சம்பள நாளில் 170 வந்தால், 68 நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், 102ஐ அவர்களுக்குப் பிரியுங்கள். முதலில் என் காசு, பிறகு உங்கள் காசு என்று போகாதீர்கள். அவர்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு என்றும் ஒதுங்காதீர்கள். எல்லாருக்கும் ஒரே விகிதம் என்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது. வந்தால்தான் பிரிப்பேன், வராததற்கு நான் பொறுப்பில்லை என்பதைத் தாளைக் காட்டியே சொல்லிவிடுங்கள்.

பாதியில் நின்ற ஆட்டத்தை இந்தத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். மழையால் முடிவில்லை என்று அறிவித்தால் இரு அணிக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. பந்தயத்திலும் யாரும் ஜெயிக்கவில்லை, போட்டவர் காசு போட்டவருக்கு. அடுத்த ஆட்டத்தில் சேர்க்கலாம் என்பவர் பெரும்பாலும் அடுத்த ஆட்டத்தில் நம்பிக்கை உள்ளவராகத்தான் இருப்பார். மறு ஆட்டம் நடந்தாலும் அது புதுப் பந்தயம்தான். 2025 மே 8 அன்று தர்மசாலாவில் பஞ்சாப் 10.1 ஓவரில் ஒரு விக்கெட்டுக்கு 122 எடுத்திருந்தபோது ஆட்டம் கைவிடப்பட்டது. மே 24 அன்று ஜெய்ப்பூரில் அதை முதல் பந்திலிருந்து மறுபடி ஆடினார்கள். டெல்லி ஜெயித்தது. முதல் நாள் பஞ்சாப் மேல் கட்டியவரிடம், ஜெய்ப்பூர் முடிவைக் காட்டிக் காசு கேட்டால் அவர் எப்படி ஒத்துக்கொள்வார்? தாமதமாக முடியும் ஆட்டம் வேறு விஷயம். 2023 இறுதி ஆட்டம் மாற்று நாளுக்குத் தள்ளிப்போய், மழைக்குப் பின் இலக்கைக் குறைத்து, நம் நேரப்படி விடியற்காலை நான்கு மணியளவில் முடிந்தது. அதற்கு அதிகாரபூர்வ முடிவு இருக்கிறது, பந்தயமும் நிற்கும்.

இனி அண்ணனிடம் பேசுவது. குழுவில் போட்டுக் கேட்காதீர்கள். பெயரைப் போட்டுக் கேட்டால் அவர் வெளியேறிவிடுவார், அதோடு காசும் போய்விடும். வேலை முடிந்து தனியாக ஒரு டீக்கு உட்காருங்கள். தாளை முன்னால் வைத்து, 'அண்ணே, இந்தக் கணக்கு சரியா பாருங்க' என்று மட்டும் தொடங்குங்கள். தொகையை அவர் ஒத்துக்கொள்வதுதான் முதல் வேலை, எப்போது தருவது என்பது பிறகு. மாதம் 70 வெள்ளி என்றால் ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும். அதில் 28 உங்களுக்கு, 42 மற்றவர்களுக்கு. ஒன்பது மாதத்தில் உங்கள் 320ம் வந்துவிடும். சம்பளம் ஏறும் நாளிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தள்ளினால் இருக்காது. வட்டி கேட்காதீர்கள். அவருடைய ஏடிஎம் கார்டையோ அடையாள அட்டையையோ பிணையாக வாங்கி வைக்கவே வைக்காதீர்கள். அது ஆலோங் செய்கிற வேலை.

பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். 630 என்பது உங்கள் குழுவில் மட்டும் இருக்கும் பாக்கியா? வேறு லைனிலும் கட்டியிருக்கிறாரா, ஓவருக்கு ஓவர் கட்டும் ஆன்லைன் கணக்கு இருக்கிறதா, யாரிடமாவது வட்டிக்கு வாங்கியிருக்கிறாரா? சம்பளம் வந்த மூன்றாம் நாளே கைமாற்று கேட்பவர், போன் வந்தால் வெளியே போய்ப் பேசுபவர் என்றால் பெரும்பாலும் இருக்கிறது. அப்படியானால் 70 வெள்ளியை வற்புறுத்தாதீர்கள். உங்களுக்குத் தர அவர் இன்னொரு இடத்தில் வாங்குவார். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் பேங்க் நெகாராவின் கீழ் உள்ள ஏகேபிகே அமைப்பு இலவசமாக ஆலோசனை தந்து தவணையை மாற்றி அமைக்க உதவும். அங்கே கூட்டிக்கொண்டு போவது, காசு கேட்பதைவிட அவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி. அந்த நிலையில் 320ஐ விட்டுவிட வேண்டியும் வரலாம். எனக்கு அது வருத்தம்தான், ஆனாலும் உங்களுக்கு அதைச் சொல்லாமல் விடமுடியாது.

அடுத்த சீசனுக்குப் பணமே வேண்டாம் என்பது என் கருத்து. பத்து வெள்ளிதானே என்று தொடங்குகிறது. 74 ஆட்டத்துக்கு அது 740 வெள்ளி, இரண்டே மாதத்தில். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. யார் ஜெயிப்பார்கள் என்று ஆட்டம் தொடங்குவதற்குள் எல்லாரும் குழுவில் எழுதட்டும், சரியாகச் சொன்னவருக்கு ஒரு புள்ளி. ஆட்டம் தொடங்கிய பின் வருவதை ஏற்காதீர்கள். ஒருவர் வீட்டு டிவியில் பார்ப்பதும் இன்னொருவர் போனில் பார்ப்பதும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை, பல விநாடி முன்னால் பார்ப்பவருக்கு விக்கெட் விழுந்தது முன்பே தெரியும். கடைசியில் அதிகப் புள்ளி எடுத்தவரை நடுவில் உட்காரவைத்து, எல்லாரும் சமமாகப் போட்டு ஒரு வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுங்கள். அதில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் பங்கு ஒன்றுதான், வாங்கி வைக்க உறையும் தேவையில்லை.