ஒன்பதாம் வகுப்புப் பையனும் முன்னொட்டுப் பட்டியலும்

"பையன் ஒன்பதாவது, சென்னையில் படிக்கிறான். ஆங்கில முன்னொட்டு, பின்னொட்டுப் பட்டியல் முழுக்க மனப்பாடம். ஆனால் பாடத்தில் புதுச் சொல் வந்தால் விழிக்கிறான். என்ன செய்யலாம்?"

பட்டியலை ஓரமாக வையுங்கள். வாரம் ஒரே ஒரு வேர்ச்சொல் போதும். 'ரப்ட்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் இருந்து வந்தது, உடைதல் என்று பொருள். 'இன்டர்' என்றால் இடையே. ஆக 'இன்டரப்ட்' என்பது பேச்சை இடையில் உடைப்பது, அதாவது குறுக்கிடுவது. 'இ' என்றால் வெளியே. எரிமலை உடைத்துக்கொண்டு வெளியே பீறிடுவது 'இரப்ட்'. இந்த இரண்டையும் நீங்கள் சொல்லிவிட்டு, 'இன்டரப்ஷன்', 'ரப்சர்' இரண்டையும் வாக்கியத்தோடு கொடுத்து அவனையே பிரிக்கச் சொல்லுங்கள். 'ஷன்' வந்தால் வினை பெயர்ச்சொல்லாகிவிட்டது என்பதை அங்கேயே பிடித்துக்கொள்வான்.

பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குவது 'இன்' என்ற முன்னொட்டில்தான். 'இன்விசிபிள்' என்பதில் அது 'இல்லை'. 'இன்ஸ்பெக்ட்' என்பதில் 'உள்ளே'. மணலி பக்கம் போகும் டேங்கர் லாரிகளில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். பட்டியலை நம்பினால் 'தீப்பிடிக்காதது' என்றுதான் படிப்பான். உண்மையில் எளிதில் தீப்பற்றக்கூடியது என்று பொருள்.

அதனால் பிரித்துக் கிடைப்பதை ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதை வாக்கியத்தில் பொருத்திப் பார்க்கட்டும். பொருந்தினாலும் ஒருமுறை அகராதியைத் திறந்து உறுதி செய்த பிறகே நோட்டில் எழுதட்டும், அந்த வாக்கியத்தையும் சேர்த்து.