மணலை உருக்கினால் எப்படித் தெளிவான கண்ணாடி கிடைக்கிறது? சில கண்ணாடிகள் மட்டும் ஏன் லேசில் உடைவதில்லை?

நல்ல வெள்ளை மணலில் ஒரே ஒரு துகளை உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள், அது ஏற்கெனவே தெளிவாகத்தான் இருக்கும். மணலின் முக்கியப் பொருளான சிலிக்காவின் எலக்ட்ரான்களைக் கிளப்பும் அளவுக்கு நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஆற்றல் இல்லை. அதனால் ஒளி உறிஞ்சப்படாமல் கடந்துபோகிறது. குவியலாக இருக்கும்போது துகளுக்கும் காற்றுக்கும் நடுவே எண்ணற்ற எல்லைகள் இருப்பதால் ஒளி சிதறி, வெள்ளையாகத் தெரிகிறது. உருக்கினால் அந்த எல்லைகள் மறைந்துவிடுகின்றன.

சிலிக்கா தனியாக உருக சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடா சாம்பல் சேர்த்தால் அது குறையும். ஆனால் சோடா மட்டும் சேர்த்த கண்ணாடி தண்ணீரில் கரையும், அதனால் சுண்ணாம்புக்கல்லும் சேர்க்கிறார்கள். ஆறும்போது குழம்பு வேகமாகக் கெட்டிப்படுவதால், அணுக்களுக்கு ஒழுங்காகப் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. மிக மெதுவாக ஆறவிட்டால் உள்ளே படிகங்கள் முளைத்து, கண்ணாடி மங்கலாகிவிடும்.

சரி, உறுதிக்கு வருவோம். கண்ணாடிக்குள் அணுப்பிணைப்புகள் மிக வலுவானவை. இருந்தும் அது எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு குறைந்த விசையிலேயே உடைகிறது. காரணம், மேற்பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். 1921-இல் கிரிஃபித் என்ற பொறியாளர் இதை விளக்கினார். கண்ணாடியை இழுத்தால் விசை கீறலின் நுனியில் குவிந்து அதைப் பிளக்கிறது. அழுத்தினாலோ கீறல் மூடிக்கொள்கிறது.

மேற்பரப்பை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருந்தால் போதும் என்பதுதான் டெம்பர்டு கண்ணாடியின் சூட்சுமம். தகட்டை 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சுவார்கள். வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். அப்புறம் உட்பகுதி ஆறிச் சுருங்கும்போது, இறுகிப்போன மேற்பரப்பை உள்நோக்கி இழுத்து நெருக்கும். இப்படிச் செய்த தகட்டை வளைத்தால், முதலில் அந்த நெருக்கத்தைத் தாண்டிய பிறகுதான் கீறல் திறக்கவே ஆரம்பிக்கும். சாதாரணக் கண்ணாடியைவிட சுமார் 4 மடங்கு உறுதி இப்படித்தான் வருகிறது.

மேற்பரப்பு அழுத்தத்தில் இருக்கும்போது நடுப்பகுதி இழுவிசையில் இருக்கிறது. ஒரு விரிசல் அந்த ஆழத்தைத் தொட்டுவிட்டால், தகடு முழுவதும் ஒரே நொடியில் சின்னச் சின்னத் துண்டுகளாகிவிடும். அதனால்தான் வெட்டுவது, துளையிடுவது எல்லாவற்றையும் சூடாக்கும் முன்பே முடித்துவிடுகிறார்கள்.

கைபேசித் திரை மிக மெல்லியது, காற்றடித்தால் உள்ளும் புறமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஆறிவிடும். எனவே அதைச் சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் ஊறவைக்கிறார்கள். மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அதே இடத்தில் நெருக்கியடித்து உட்காருகின்றன. அழுத்தம் மிக அதிகம், ஆனால் அந்த அடுக்கின் ஆழம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பலமுறை விழுந்தும் தப்பிய திரை, கூரான கல்லில் ஒருமுறை பட்டதும் உடைவது அதனால்தான். கல்முனை அந்த அடுக்கைத் தாண்டி இறங்கிவிடுகிறது.