கார்பன் வரியா, பெர்மிட் சந்தையா? கேட்டவங்களுக்கு பதில்

நெல்லை வாசகர்: ரெண்டுலயும் கம்பெனிக்காரன் காசு கட்டப் போறான், இதுல என்ன பெரிய வித்தியாசம் சார்?

போட்ட கணக்குப்படி எல்லாம் நடந்தா வித்தியாசம் இல்லைதான், கணக்கு தப்பும்போதுதான் தெரியும். வரின்னா விலை நிக்கும், புகை எவ்வளவு குறையும்னு முன்னாடியே சொல்ல முடியாது. பெர்மிட்னா ஒரு டன் புகை விட அனுமதி, மொத்தம் இத்தனைதான்னு அரசு வரம்பு வச்சுடும், கம்பெனிங்க தங்களுக்குள்ள வாங்கி வித்துக்கலாம். அதுல டன் கணக்கு நிக்கும், விலை ஆடும். ஐரோப்பா 2005ல பெர்மிட் சந்தை ஆரம்பிச்சப்போ எந்த ஆலை எவ்வளவு விடுதுன்னே சரியான பதிவு இல்லை, ஒவ்வொரு நாடும் தன்னோட ஆலைகளுக்குத் தாராளமா இலவசமா அள்ளிக் குடுத்துட்டாங்க. 2006 ஏப்ரல்ல நிஜக் கணக்கு வெளிய வந்தா, குடுத்த பெர்மிட்டை விட விட்ட புகை கம்மி! 30 யூரோ பக்கம் இருந்த விலை சில நாள்லயே பாதியாச்சு. அந்த பெர்மிட்டை 2008க்கு எடுத்துட்டுப் போகவும் முடியாதுன்னு விதி, அதனால 2007 முடியறப்போ வெறும் சில சென்ட். யாராச்சும் இன்னிக்கு விலை இவ்வளவுன்னு சொன்னா, யூஸ் ஆகாம எத்தனை பெர்மிட் கிடக்குன்னு சேர்த்துக் கேளுங்க.

திருப்பூர் மில்: எங்ககிட்ட காத்தாடி ரெண்டு ஓடுதுங்க. அதோட கார்பன் கிரெடிட்ட இந்த ஐரோப்பா சந்தையில விக்கலாமுங்களா?

முடியாதுங்க. 2021லேர்ந்து அங்க வெளிநாட்டு கிரெடிட் எதையும் கணக்குல எடுக்கறதில்லை. உள்ளூர்ல வழி இருக்கான்னு உங்க எனர்ஜி ஆடிட்டர்கிட்ட கேளுங்க.

சேலம்: பெர்மிட் எல்லாம் டுபாக்கூர். பிரிட்டன்ல நிலக்கரி கரன்ட்டை ஒழிச்சது வரிதான், ஒத்துக்கோங்க.

பாதி சரி. அப்போ பிரிட்டனும் அந்த ஐரோப்பா பெர்மிட் சந்தையிலதான் இருந்துச்சு. அங்க வரி மட்டும் தனியா வேலை செய்யலை, பெர்மிட் விலைக்கு மேல வச்ச வரி அது. 2013ல பெர்மிட் 5 யூரோ பக்கம் படுத்துக் கிடந்துச்சு. ஒரு மெகாவாட் மணி கரன்ட்டுக்கு நிலக்கரி சுமார் 0.9 டன் விடும், கேஸ் சுமார் 0.4, வித்தியாசம் அரை டன். 5 யூரோவுக்கு அரை டன்னுன்னா ரெண்டரை யூரோ, அதுக்காக எவனும் நிலக்கரியை நிறுத்த மாட்டான். பிரிட்டன் அரசு அந்த விலைக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா வரியை ஏத்தி டன்னுக்கு 18 பவுண்ட் ஆக்கிடுச்சு. இப்போ அதே அரை டன்னுக்கு கூடுதலா 9 பவுண்ட், கேஸ் விலையும் இறங்கியிருந்த நேரம், ஆலைக்காரன் நிலக்கரியை அணைச்சுட்டு கேஸை ஓட்டினான். 2012ல 40% பக்கம் இருந்த நிலக்கரி கரன்ட் 2019ல 2% ஆச்சு, கடைசி ஆலை 2024 செப்டம்பர் 30 மூடினாங்க. கடல் காத்தாலையும் பழைய ஆலைகளை மூட வச்ச மாசு விதியும் இதுல பங்காளி, எல்லாப் புகழும் வரிக்கேன்னு எழுதிடாதீங்க.

எக்கனாமிக்ஸ் மாணவி: சார் நீங்களே முக்கியமானதை விட்டுட்டீங்க. மொத்த பெர்மிட் எண்ணிக்கை மாறலையே? பிரிட்டன் வாங்காத பெர்மிட்டை போலந்துலயோ ஜெர்மனியிலயோ வாங்கி எரிச்சிருப்பாங்க.

நல்லா புடிச்சீங்க. தலையணையை ஒரு பக்கம் அமுக்கினா மறுபக்கம் உப்புற கதைதான். ஆனா அப்போ சந்தையில உபரி மலை மாதிரி கிடந்துச்சு, அதனால பிரிட்டன் விட்டதுல நிறைய உடனே எரியாம தூங்குச்சு. 2019லேர்ந்து ஒரு ரிசர்வ் வச்சாங்க, உபரி அதிகமா இருந்தா வருஷத்துக்கு அதுல 24% அளவுக்கு ஏலத்துலேர்ந்து நிறுத்தி அங்க போட்டுடுவாங்க. 2023லேர்ந்து ஒரு அளவுக்கு மேல ரிசர்வ்ல இருக்கறது ரத்தே ஆகிடுது. அப்போ பிரிட்டன் மிச்சம் பிடிச்சதுல ஒரு பங்கு செத்துப் போச்சு.

சேலம்: அப்போ நான் சொன்னதுதான் ஜெயிச்சுது!

இல்லைங்க, ஒரு பங்குன்னுதான் சொன்னேன்.

எக்கனாமிக்ஸ் மாணவி: எவ்வளவு பங்கு? உபரி தீந்துட்டா ரிசர்வ் என்ன செய்யும்?

உபரி 833 மில்லியன் பெர்மிட்டுக்குக் கீழ வந்தா ரிசர்வ் எடுக்கறதை நிறுத்திடும், 400க்கும் கீழ போனா 100 மில்லியன் திருப்பி விடும். அப்போ மறுபடி நீங்க சொல்ற கதைதான் நடக்கும். பங்கு எவ்வளவுன்னு ஆளாளுக்கு ஒரு மாடல் போட்டு ஒரு நம்பர் சொல்றாங்க, பிரிட்டன் இல்லாம இருந்தா உபரி எப்படி இருந்திருக்கும்னு யூகிக்கறதுலயே சண்டை. நீங்க சொல்றது தப்புன்னு என்னால சொல்ல முடியாது.

மதுரை: வரியா பெர்மிட்டா, ஒரே வார்த்தையில எது பெஸ்ட்?

மேல படிங்க.

வேலூர்: எது நல்லது சார்?

மேலேயே இருக்கு. இனிமே இந்தக் கேள்விக்கு பதில் கிடையாது, விலையை மட்டும் பாக்காதீங்க, கிடக்கற பெர்மிட்டையும் பாருங்க.

கோவை: ஐரோப்பா முதல்லயே வரி போட்டிருந்தா 2006 கூத்து நடந்திருக்காதே, ஏன் போடலை?

1992ல முயற்சி பண்ணாங்க. வரி விஷயத்துல எல்லா உறுப்பு நாடும் ஒத்துக்கணும், ஒரு நாடு முறுக்கினாலும் முடிஞ்சுது. பெர்மிட் சுற்றுச்சூழல் சட்டமா வந்ததால பெரும்பான்மை ஓட்டு போதும். வரியை ஆராய்ஞ்சு வேண்டாம்னு தள்ளலை, ஓட்டு தேறுனது பெர்மிட்டுக்குத்தான்.