மட்டிக் குலையும் மரச்சீனியும் பைக்கில்: கேள்வி பதில்

குலசேகரத்துக்கு மேல இருக்கோம். வீட்டுக்குள்ள நெட் கிடைக்காது, ரோட்டுக்கு வந்தா ஒரு கோடு வரும். மட்டிப் பழமும் மரச்சீனிக் கிழங்கும் தக்கலைல வீடு வீடா விக்க முடியுமா அண்ணா?

முடியும் தம்பி. வாரத்தில் இரண்டு முறை நெட் கிடைத்தால் போதும். புதன் மாலை விலையும் கிழமையும் போட்டு வாட்ஸ்ஆப்பில் ஒரு எழுத்துச் செய்தி, வெள்ளி மாலை ஆர்டர் கணக்கு, சனிக்கிழமை காலை வண்டி. படம் அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆகவேண்டுமென்றால் ஒன்று, அதுவும் HD இல்லாமல். செய்திக்குப் பக்கத்தில் கடிகாரக் குறி நின்றால் அது இன்னும் உங்கள் போனிலேயே கிடக்கிறது. ரோட்டுக்கு வந்து ஒரு டிக் விழுந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பலருக்கும் ஒரேயடியாக அனுப்பும் வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். “யாரும் பதில் போடல” என்று வருகிற புகாரில் பாதி இதனால்தான். அதனால் முதல்முறை பழம் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

ஆர்டர் எண்ணின பிறகே கிழங்கு பிடுங்க வேண்டும். முதலில் பிடுங்கிவிட்டு ஆள் தேடினால் கடைசியில் வியாபாரி சொன்ன விலைதான்.

பெட்ரோல் போக என்ன மிஞ்சும்? எங்க அண்ணன் நல்ல லாபம்னு சொல்றான்.

உங்கள் அண்ணன் சொல்வது பாதி சரி. வீட்டுக்கு 1 கிலோ மட்டி, 2 கிலோ கிழங்கு என்று வையுங்கள். வியாபாரி தருவதைவிடப் பழத்தில் கிலோவுக்கு 25 ரூபாயும் கிழங்கில் 12 ரூபாயும் கூடுதலாகக் கிடைத்தால், ஒரு வீட்டுக்கு 49 ரூபாய். தெருக்களில் சுற்றுவதையும் சேர்த்து 50 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் சுமார் 115, டயர், ஆயில் தேய்மானம் 75, சாமான் போட்டுக் கொடுக்கும் பை வீட்டுக்கு 2 ரூபாய். 15 வீடு என்றால் 735-இல் 220 போய் 515 மிஞ்சும். 6 வீடு என்றால் 92 ரூபாய்தான், அரை நாள் வேலைக்கு! 8 வீடு சேராத வாரம் போகாதீர்கள். வீடுகள் இரண்டு மூன்று தெருவுக்குள் இருப்பது முக்கியம். ஒரே ஒரு ஆர்டருக்காக மார்த்தாண்டம் வரை போனால் இந்தக் கணக்கு உடையும்.

மரச்சீனி மூணாம் நாள் உள்ள கருநீலமா வரி ஓடுதுன்னு திருப்பித் தந்துட்டாங்க. உரம் கூடிப்போச்சா?

உரத்தால் அல்ல அக்கா. கிழங்கில் காயம் பட்ட இடத்திலிருந்துதான் அந்த வரி தொடங்கும். பிடுங்கும்போது கழுத்து ஒடிவது, மண்வெட்டி படுவது, வண்டியில் உரசுவது எல்லாமே காயம்தான். தண்டில் ஒரு சிறு துண்டு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள், கழுவாமல் மண்ணோடு கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை மாலை அல்லது சனி அதிகாலை பிடுங்கினதை மட்டும் கொடுங்கள். “நாளைக்குள்ள அவிச்சிரணும்” என்று வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் பிரச்சினை பாதி தீரும்.

மட்டிக்குத் தோல் மெலிசு. முழுக்கப் பழுத்ததை சாக்கில் கட்டினால் தக்கலை போய்ச் சேர்வதற்குள் கறுத்துவிடும். காம்புப் பக்கம் பச்சை மாறாமல் மற்றபடி மஞ்சள் ஏறின பருவத்தில், சீப்பு சீப்பாக, காய்ந்த வாழைச் சருகு இட்டு அடுக்குங்கள். கிழங்கு சாக்கு கீழே, பழக்கூடை மேலே. அவசரத்துக்குக் கார்பைட் கல் வைக்கச் சொல்வார்கள்; அது தடை செய்யப்பட்டது.

காசு அனுப்பினாங்கன்னா ஸ்கிரீன்ஷாட் காட்டுவாங்கல்லா, அது போதாதா?

போதாது. ஸ்கிரீன்ஷாட்டை யாரும் உருவாக்கலாம். அச்சடித்த கியூஆர் அட்டை போதும், வாங்குபவர் பக்கம் நெட் இருந்தால் காசு வந்துவிடும். வங்கி எஸ்.எம்.எஸ். வந்ததா என்று பாருங்கள். எஸ்.எம்.எஸ். தாமதமானால் `*99#` அழைத்து இருப்பைப் பார்க்கலாம், அதற்கு டேட்டா வேண்டாம். ஆனால் எல்லா சிம்மிலும் வேலை செய்வதில்லை, வீட்டிலேயே ஒருமுறை சோதியுங்கள். எண்ணும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்க வேண்டும்.

என்கிட்ட ரப்பர் ஷீட்தான் இருக்கு. அதுவும் இப்படி வீடு வீடா போடலாமா?

ரப்பர் ஷீட்டை வீட்டில் யார் வாங்குவார்? அது கடைக்காரரிடம்தான். தோட்டத்துத் தேங்காயோ, சீசனில் சக்கையோ இருந்தால் சொல்லுங்கள்.

நேந்திரன் சிப்ஸ் போட்டா இன்னும் கூட மிஞ்சுமே. தொங்கும் தராசுல நிறுத்துக் கொடுக்கலாமா?

மிஞ்சும்தான், ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. பச்சைக் காய், கிழங்கோடு அதைக் குழப்பாதீர்கள். தராசு விஷயத்தில், முத்திரை இல்லாத தொங்கும் தராசு வீட்டு உபயோகத்துக்குத்தான். விற்க முத்திரையிட்டதே வேண்டும். பழத்தை எண்ணிக்கையில் விற்றால் இந்தத் தலைவலி குறையும்.

கடை விலையைவிடக் கொறச்சுக் கொடுத்தாத்தான் வாங்குவாங்க அண்ணா, நீங்க சொல்ற வெலைக்கு யாரு தருவா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் பிடுங்கின கிழங்கு கடையில் கிடைப்பதில்லையே. ஆனால் உங்கள் தெரு எனக்குத் தெரியாது. இரண்டு சனிக்கிழமை கடை விலைக்கே கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது வாரம் எத்தனை பேர் தாமாகக் கேட்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வந்து எழுதுங்கள், பேசலாம்.