ஃப்ளஷ் செய்த பிறகு டாய்லெட் டேங்கில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, கைப்பிடியை ஆட்டினால்தான் நிற்கிறது. அமெரிக்காவில் இருக்கிறோம். ப்ளம்பரைக் கூப்பிடாமல் நாமே சரிசெய்ய முடியுமா?

முடியும். கைப்பிடியை ஆட்டினால் நிற்கிறது என்று சொன்னீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பெரும்பாலும் கோளாறு உள்ளே இருக்கும் செயினில் இருக்கும். அங்கே இல்லையென்றால் அந்தச் செயின் தூக்குகிற ரப்பர் மூடியில். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் டேங்கைத் திறந்து பாருங்கள். அதன் மேல்மூடி பீங்கான், நல்ல கனம். எடுத்ததும் தரையில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் படுக்கவைத்துவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சறுக்கி உடையும், பழைய மாடலுக்கு மூடி மட்டும் தனியாகக் கிடைப்பது லேசில்லை. உள்ளே இருப்பது குழாயில் வரும் அதே நல்ல தண்ணீர்தான், தயங்காமல் கையை உள்ளே விடலாம்.

நடுவில் நட்டுக்குத்தலாக நிற்பது ஓவர்ஃப்ளோ குழாய். அதன் காலடியில், தண்ணீர் கீழே இறங்கும் ஓட்டையை மூடிக்கொண்டிருக்கும் ரப்பர்தான் ஃப்ளாப்பர். ஓரமாக நின்று தண்ணீரை நிரப்புவது ஃபில் வால்வ். அந்த டேங்கிலிருந்து தண்ணீர் கோப்பைக்குப் போவது பெரும்பாலும் இரண்டே வழியில்தான்: ஒன்று ஃப்ளாப்பருக்கு அடியில் கசிய வேண்டும், இல்லையென்றால் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு மேலே ஏறி வழிய வேண்டும். எந்த வழி என்று தெரிந்துவிட்டால் எதைத் தொட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சத்தம் கேட்கும்போது அந்தக் குழாயின் வாயைப் பாருங்கள். நீர்மட்டம் வாய் வரை ஏறி, தண்ணீர் அதற்குள் வழிந்துகொண்டிருந்தால் ஃபில் வால்வ் பக்கம் போங்கள். நீர்மட்டம் வாய்க்குக் கீழேயே இருக்க, ஃபில் வால்வ் விடாமல் ஓடுகிறது என்றால் ஃப்ளாப்பர் சரியாக உட்காரவில்லை. கைப்பிடியை ஆட்டினால் நிற்கிறது என்பதால் உங்களுடையது இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்கும்.

இப்போது செயினைப் பாருங்கள். டேங்க் நிரம்பி, கைப்பிடியை யாரும் தொடாமல் இருக்கும்போது, செயின் சுமார் அரை அங்குலம் தொய்வாக இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் ஃப்ளாப்பர் முழுதாக இறங்காமல் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். நீங்கள் கைப்பிடியை ஆட்டும்போது அது கொஞ்சம் அசைந்து உட்காருகிறது, சத்தம் நிற்கிறது. செயின் அதிக நீளமாக இருந்தாலும் இதே தொல்லைதான், காரணம் மட்டும் வேறு: மிச்சமிருக்கும் கண்ணிகள் ஃப்ளாப்பருக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். ஃப்ளஷ் செய்தால் பாதித் தண்ணீர்தான் போகிறது, கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றால் அதுவும் நீளமான செயினின் அடையாளம்.

செயினின் மேல்முனையில் இருக்கும் கொக்கியைக் கழற்றி, ஒன்றிரண்டு கண்ணி தள்ளி மாட்டி, ஃப்ளஷ் செய்து பாருங்கள். சரியாக வந்ததும் தொங்கும் வாலை இரண்டு மூன்று கண்ணி மட்டும் விட்டு வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் அதுவே ஒருநாள் அடியில் சிக்கும். செயின் சரியாக இருந்தும் கைப்பிடி மேலே திரும்பாமல் அழுந்தியே நிற்கிறதா? அதை டேங்கோடு பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி மறுபடி முடுக்க வேண்டும். அந்த நட்டு மட்டும் எதிர்த்திருகு: தளர்த்த வலப்பக்கம் திருப்ப வேண்டும். வழக்கம்போல இடப்பக்கம் பலமாகத் திருப்பினால் இன்னும் இறுகும், பீங்கானில் விரிசல்கூட விடலாம்.

செயினில் குறையில்லை என்றால் ஃப்ளாப்பர். நியூஜெர்சியில் ஒரு தோழி வீட்டில், ராத்திரி யாருமே போகாத நேரத்தில் டேங்க் தானாகச் சில நொடிகள் நிரம்பும், நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நிரம்பும். நீர்மட்டம் சரி, செயின் சரி. டேங்கில் சில சொட்டு நீல உணவுச்சாயம் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரைமணி நேரம் விட்டுவைத்தோம். திரும்பி வந்து பார்த்தபோது கோப்பையில் நீலம் இறங்கியிருந்தது. அப்படியென்றால் கசிவு அடியில்தான். கோப்பையின் பின்னாலிருக்கும் வால்வை வலப்பக்கம் திருகி மூடி, ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலியாக்கி, ஓவர்ஃப்ளோ குழாயின் இருபக்கக் காதுகளிலிருந்து ஃப்ளாப்பரைக் கழற்றினோம். ரப்பரின் விளிம்பு நெளிந்திருந்தது, தொட்ட விரலில் கருப்பு மை ஒட்டியது. டேங்குக்குள் போட்டுவைத்திருந்த ப்ளீச் மாத்திரை பக்கத்திலேயே கிடந்தது. குளோரின் ரப்பரைத் தின்றுவிடும். அந்த மாத்திரையை டேங்குக்குள் போடவே போடாதீர்கள்.

புது ஃப்ளாப்பர் வாங்கும்போது அளவு முக்கியம். இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என இரண்டு அளவுதான் பரவலாகக் கிடைக்கும். அடியில் இருக்கும் ஓட்டையை அளந்துகொண்டு, பழையதையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். மாட்டுவதற்கு முன் ஓட்டையின் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவுங்கள். உப்புப் படிந்து சொரசொரவென்று இருந்தால் வினிகரில் நனைத்த துணியால் தேய்த்து எடுங்கள். இதை விட்டுவிட்டால் புது ரப்பரும் கசியும். தோழி வீட்டில் விளிம்பைத் தேய்த்து, புதியதை மாட்டி, மறுபடி சாயம் விட்டுப் பார்த்தோம். கோப்பைத் தண்ணீர் நிறம் மாறவில்லை.

ஒருவேளை தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயில்தான் வழிகிறது என்றால், ஃபில் வால்வின் மிதவையைக் கையால் மெல்ல மேலே தூக்குங்கள். தண்ணீர் நின்றால் வால்வ் நல்லதுதான், மிதவைதான் உயரத்தில் இருக்கிறது. அதிலிருக்கும் திருகைத் திருப்பி, நீர்மட்டம் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி இறக்குங்கள். தூக்கியும் நிற்கவில்லை என்றால் வால்வின் தலைக்குள் மணலோ துருவோ சிக்கியிருக்கும், அல்லது அதன் ரப்பர் தேய்ந்திருக்கும். தண்ணீரை மூடி, தலையைக் கழற்றி, அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சில நொடி தண்ணீரைத் திறந்தால் தூசி வெளியே வந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் வால்வையே மாற்ற வேண்டியதுதான்.

ஃபில் வால்விலிருந்து ஓவர்ஃப்ளோ குழாய்க்குப் போகும் மெல்லிய ட்யூபையும் பாருங்கள். அதன் முனை குழாயின் வாய்க்கு மேலே கிளிப்பில் நிற்க வேண்டும். சிலர் ஆழமாக உள்ளே செருகிவிடுவார்கள். முனை நீர்மட்டத்துக்குக் கீழே போனால் டேங்கின் தண்ணீரைச் சத்தமில்லாமல் உறிஞ்சி இறக்கிக்கொண்டே இருக்கும். ஃப்ளாப்பரை மாற்றியும் நிற்கவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கோப்பையின் பின்னாலிருக்கும் வால்வ் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால் பலம் போடாதீர்கள், அது உடைந்தால் குளியலறை முழுக்கத் தண்ணீர்தான். வீட்டின் மெயின் வால்வை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள். அடி ஓட்டையின் விளிம்பு சொட்டையாகியிருந்தாலோ ஓவர்ஃப்ளோ குழாயில் விரிசல் இருந்தாலோ டேங்கையே கழற்ற வேண்டிவரும், அதற்கு ப்ளம்பரைக் கூப்பிடுங்கள். வாடகை அபார்ட்மென்ட் என்றால் செயினைச் சரிசெய்வதோடு நிறுத்திக்கொண்டு, பாகம் மாற்றும் வேலையை மெயின்டெனன்ஸிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.