பாதி போனால் இரட்டிப்பு வேண்டும்

வணக்கம். 4 லட்ச ரூபாயைப் பங்குகளில் போட்டேன், இன்று 2 லட்சம்தான் நிற்கிறது. பாதிதானே போயிருக்கிறது, 50 சதவீதம் ஏறினால் போட்டது வந்துவிடும் என்று இருந்தேன். 100 சதவீதம் ஏற வேண்டும் என்கிறார் நண்பர். ஏன் அப்படி? இனிமேல் எவ்வளவு நஷ்டம் வந்தால் வெளியே வர வேண்டும்?
ர., ஈரோடு

அன்புள்ள ர.,

நண்பர் சொல்வது சரிதான். இறங்கியபோது சதவீதக் கணக்கு 4 லட்சத்தின் மேல் நடந்தது. இனி ஏறும்போது அது மிஞ்சியிருக்கும் 2 லட்சத்தின் மேல்தான் நடக்கும். அதில் 50 சதவீதம் ஏறினால் கையில் 3 லட்சம்தான்.

போனதை மிஞ்சியதால் வகுத்தால், மீள எவ்வளவு ஏற வேண்டும் என்பது கிடைத்துவிடும். 10 சதவீதம் போனால் சுமார் 11 வேண்டும். 20 போனால் 25, 30 போனால் ஏறக்குறைய 43. அதற்கு மேல் கணக்கு செங்குத்தாகிவிடுகிறது: 50 போனால் 100, 80 போனால் 400. இதைக் காலமாக மாற்றிப் பாருங்கள், வலி இன்னும் தெளிவாகத் தெரியும். ஆண்டுக்கு 12 சதவீதம் தொடர்ந்து கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 20 சதவீத நஷ்டத்தை ஈடுகட்ட இரண்டு ஆண்டு போதும். 50 சதவீதத்துக்கு ஆறு ஆண்டுக்கு மேல். 80 சதவீதத்துக்குப் பதினான்கு ஆண்டைத் தாண்டும்.

நம் சென்செக்ஸே இதைக் காட்டியிருக்கிறது. 2008 ஜனவரியில் சுமார் 20,870இல் முடிந்த குறியீடு, 2009 மார்ச்சில் சுமார் 8,160க்கு வந்தது. இறக்கம் 61 சதவீதம், மீளத் தேவைப்பட்டதோ 156 சதவீதம். 2010 நவம்பரில் பழைய உயரம் திரும்பியது. ஆனால் அது குறியீடு. நலிந்த நிறுவனத்தை நீக்கிவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள். உங்கள் கையில் இருக்கும் தனிப் பங்குக்கு அப்படி மாற்று வராது. 100 சதவீதம் ஏற வேண்டும் என்று கணக்கு சொல்வதால் அது ஏறிவிடப் போவதும் இல்லை.

எல்லையை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் மொத்த முதலுக்கு ஓர் எல்லை வையுங்கள். என் கருத்தில் 20 சதவீதம். அங்கிருந்து திரும்ப 25 சதவீதம் போதும், அது நடக்கக்கூடிய காரியம். இந்த மொத்த எல்லையிலிருந்துதான் ஒரு பங்கில் எவ்வளவு இழக்கலாம் என்பது வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அப்போதைய முதலில் 2 சதவீதம் மட்டும் பணயம் வைத்தால், அடுத்தடுத்துப் பத்து முறை தோற்றாலும் போவது 18 சதவீதம்தான். 10 சதவீதம் வைத்திருந்தால் அதே பத்துத் தோல்வியில் 65 சதவீதம் போயிருக்கும், மீள 187 சதவீதம் வேண்டும்.

பலர் இந்த 2 சதவீதத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு, விலை 2 சதவீதம் இறங்கியதும் விற்றுவிடுகிறார்கள். சாதாரண நாளிலேயே அவ்வளவு ஆடும் பங்குகள் உண்டு. அப்படிச் செய்தால் அடிக்கடி வெளியே தள்ளப்படுவீர்கள், சிறு நஷ்டங்களே சேர்ந்து முதலைக் கரைக்கும். எந்த விலைக்கு இறங்கினால் விற்பது என்று முன்பே குறிக்கும் ஸ்டாப் லாஸை அந்தப் பங்கின் ஆட்டத்துக்கு ஏற்ற தூரத்தில் வையுங்கள், வாங்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள். 4 லட்ச முதலில் 2 சதவீதம் 8,000 ரூபாய். 500 ரூபாய்க்கு வாங்கும் பங்குக்கு 460இல் ஸ்டாப் லாஸ் என்றால் பங்குக்கு 40 ரூபாய் நஷ்டம். 8,000ஐ 40ஆல் வகுத்தால் 200 பங்கு. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. கெட்ட செய்தி இரவில் வந்து, காலையில் சந்தை திறக்கும்போதே விலை 420 என்றால் 460இல் விற்க முடியாது. அப்போது நஷ்டம் 16,000. ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கும் கடைசி எல்லையான லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் வாங்கவே ஆள் கிடைக்காது. ஒரே பங்கில் பெரும்பணத்தைக் குவிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆவரேஜ் செய்யலாமா என்று யோசிப்பீர்கள். 500க்கு வாங்கியது 250 ஆனபின் அதே எண்ணிக்கையை மறுபடி வாங்கினால் சராசரி 375, இனி 50 சதவீதம் ஏறினால் போதும் என்று தோன்றும். நஷ்டத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை. புதுப் பணம் உள்ளே போனதால் சதவீதம் சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இனி விலை ஒரு ரூபாய் இறங்கினால் முன்பைவிட இரண்டு மடங்கு அடிபடுவீர்கள். நிறுவனத்தை இன்று புதிதாகப் பார்த்தாலும் வாங்குவேன் என்றால் மட்டும் வாங்குங்கள்.

இதைவிட நான் அதிகம் அஞ்சுவது வேறொன்று. 100 சதவீதம் வேண்டும் என்று தெரிந்ததும், சீக்கிரம் பிடித்துவிடலாம் என்று ஆப்ஷன் பக்கம் போகிறார்கள். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் என்ற எஃப் அண்ட் ஓ வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொல்லியிருக்கிறது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். போன 2 லட்சத்தை இந்தக் கணக்கில் சேர்க்காமல், இருக்கும் 2 லட்சத்தையே உங்கள் முதலாக வைத்துத் தொடங்குங்கள். அதில் 2 சதவீதம் 4,000 ரூபாய். மேலே சொன்ன அதே பங்கை, அதே ஸ்டாப் லாஸோடு, இன்று நீங்கள் வாங்கலாம் என்றால் 100 பங்குதான்.