கட்டை உருவங்கள்: மிஞ்சும் இரண்டு படங்களில் எது சரி?

கேள்வி: பி.ஆர்க். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். கட்டைகளை ஒட்டிச் செய்த மாதிரி ஒரு உருவம் கொடுத்து, கீழே உள்ள நாலு படத்தில் எது அதையே திருப்பி வைத்தது என்று கேட்கிறார்கள். மனசுக்குள் சுற்றிப் பார்த்தால் பாதியில் கலைந்துபோகிறது. கடைசியில் இரண்டு படம் மிஞ்சும். இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தப்பானதைத்தான் குறிக்கிறேன். இதற்கு முறை ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. முழு உருவத்தையும் சுற்றுவதை முதலில் விட்டுவிடுங்கள். கலைந்துபோவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. இந்த வகை உருவங்களை ஆய்வுக்குக் கொண்டுவந்தவர்கள் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும். 1971-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த அவர்களுடைய கட்டுரையில், பத்துக் கட்டைகள் சேர்ந்த உருவங்களை இரண்டிரண்டாகக் காட்டி, ஒன்றா வேறா என்று கேட்டிருந்தார்கள். இரண்டு படங்களுக்கும் நடுவே உள்ள கோணம் கூடக் கூட, பதில் சொல்ல ஆன நேரமும் ஒரே சீராகக் கூடியது. மனம் ஏறக்குறைய நொடிக்கு 60 டிகிரி வேகத்தில்தான் சுற்றுகிறது என்று கணக்கு வந்தது. தலைகீழாகக் கிடக்கும் ஒரு படத்துக்கு மூன்று நொடி சுற்றலிலேயே போய்விடும். அவ்வளவு நேரமும் பத்துக் கட்டையையும் குலையாமல் பிடித்திருக்க வேண்டும்.

1976-ல் மார்செல் ஜஸ்ட், பட்ரீசியா கார்பென்டர் இருவரும், இந்தக் கேள்விக்குப் பதில் தேடுபவர்களின் கண் எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். கண் முழு உருவத்தின் மேல் நிற்கவில்லை. ஒரு படத்தில் ஒரு முனை, அடுத்த படத்தில் அதற்கு ஈடான முனை என்று மாறி மாறிப் போனது. ஒரு துண்டைப் பொருத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் மீதித் துண்டும் அதே திருப்பத்துக்கு ஒத்துவருகிறதா என்று சரிபார்த்தார்கள். அதாவது நன்றாகச் செய்பவர்களும் துண்டு துண்டாகத்தான் செய்கிறார்கள். எந்தத் துண்டை எடுப்பது என்பதுதான் நீங்கள் கேட்கிற முறை.

உங்களுக்கு மிஞ்சும் இரண்டில் ஒன்று அநேகமாகக் கண்ணாடி பிம்பம். அதில் கட்டைகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும், கைகளின், அதாவது மூலைக்கு மூலை நேராகப் போகும் பகுதிகளின், நீளம் சரியாக இருக்கும், எல்லா மடிப்பும் செங்கோணமாகவே இருக்கும். எதை எண்ணினாலும் அது பிடிபடாது. அதைக் காட்டிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: உருவம் எந்தப் பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பது.

ஒரு உருவத்தை எடுத்துக்கொள்வோம். தாளில் வரைந்துகொண்டே படியுங்கள். நாலு கட்டை உயரத்துக்கு ஒரு தூண். தூணின் உச்சியிலிருந்து ஒரு குட்டைக் கை உங்களை நோக்கி நீள்கிறது. மூலைக் கட்டையையும் சேர்த்து அதில் 2 கட்டை. தூணின் அடியிலிருந்து ஒரு கை வலப்பக்கம் போகிறது, மூலையைச் சேர்த்து 4. அதன் வலது முனையிலிருந்து கடைசிக் கை மேலே ஏறுகிறது, மூலையைச் சேர்த்து 3. மூலைக் கட்டைகள் மூன்றும் இரண்டு கைக்கும் பொது என்பதால் மொத்தம் 10 கட்டை. குட்டை முனையிலிருந்து படித்தால் இதன் வரிசை 2-4-4-3.

முதலில் இந்த வரிசையை ஒவ்வொரு படத்திலும் சரிபாருங்கள். ஒரு விடையில் 2-4-3-4 என்று வந்தால் அடித்துவிடலாம். 3-4-4-2 என்று வந்தால் அடிக்கக் கூடாது, அது அதே வரிசையை மறுமுனையிலிருந்து படித்தது. அடுத்து, எந்த மூன்று கைகள் ஒரே தளத்தில் கிடக்கின்றன என்று பாருங்கள். நம் உருவத்தில் தூண், அடிக்கை, கடைசிக் கை மூன்றும் ‘ப’வைப் போல ஒரே தளத்தில் இருக்கின்றன. குட்டைக் கை மட்டும் அந்தத் தளத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு விடையில் கடைசிக் கை உள்பக்கம் மடங்காமல் வெளிப்பக்கம் போயிருந்தால் அதுவும் வேறு உருவம். இந்த இரண்டு சோதனையும் எளிது, நேரமும் அதிகம் பிடிக்காது. கண்ணாடி பிம்பம் இரண்டையும் தாண்டி வந்து நிற்கும்.

இப்போது முறுக்கு. ஒரே தளத்தில் இல்லாத, அடுத்தடுத்த மூன்று கைகளை எடுங்கள். இங்கே குட்டைக் கை, தூண், அடிக்கை. நடுவில் இருக்கும் கையின் வழியாக, குழாய்க்குள் பார்ப்பதுபோல, ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்து முனையில் ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும், தூரத்து முனையில் இன்னொன்று. பக்கத்துக் கையிலிருந்து தூரத்துக் கைக்கு கால் வட்டத்தில் போகும் குறுக்கு வழி கடிகாரம் சுற்றும் பக்கமா, எதிர்ப்பக்கமா? கடிகாரப் பக்கம் என்றால் வலஞ்சுழி, இல்லாவிட்டால் இடஞ்சுழி.

நம் உருவத்தில் தூணின் உச்சிக்கு மேலே குனிந்து கீழே பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பது குட்டைக் கை. அது உங்கள் வயிற்றுப் பக்கம் நீள்கிறது, கடிகார முகத்தில் 6 மணி. தூரத்தில், தூணின் அடியில், கை வலப்பக்கம் போகிறது, அதாவது 3 மணி. ஆறிலிருந்து ஐந்து, நாலு, மூன்று. எதிர்ப்பக்கம். ஆகவே இடஞ்சுழி. படத்தின் ஓரத்தில் ‘இ’ என்று குறித்துக்கொள்ளுங்கள். மூல உருவத்தின் வேலை அத்துடன் முடிந்தது. இனி அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

எந்த முனையிலிருந்து பார்ப்பது என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு முனையிலிருந்தும் ஒரே விடைதான் வரும். திசைகளும் மாறுகின்றன, பக்கத்துக் கை எது தூரத்துக் கை எது என்பதும் மாறுகிறது. இரண்டு மாற்றமும் ஒன்றையொன்று அடித்துவிடும். உருவத்தை எப்படித் திருப்பினாலும் சுழி மாறாது. கண்ணாடியில் காட்டினால் மட்டும் கட்டாயம் மாறும். நமக்கு வேண்டியதும் இதுதான்.

விடைப் படங்களுக்கு வருவோம். (அ) நீள வரிசை தப்பு, போய்விட்டது. (ஆ)வில் ஒரு நாலு கட்டைக் கை உங்களுக்கு நேரே உள்ளே போகிறது. அதன் முன்முனையிலிருந்து இன்னொரு நாலு கட்டைக் கை கீழே தொங்குகிறது, அதன் அடியிலிருந்து மூன்று கட்டைக் கை பின்னோக்கிப் போகிறது. உள்ளே போன கையின் தூர முனையில் குட்டைக் கை வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் மூல உருவத்தின் சாயலே தெரியாது, பலர் இதைத்தான் முதலில் அடிப்பார்கள். நாம் முறுக்கைப் பார்ப்போம். நீங்கள் ஏற்கெனவே நடுக்கையின் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்துக் கை கீழே, 6 மணி. தூரத்துக் கை வலப்பக்கம், 3 மணி. இடஞ்சுழி. சரியான விடை.

(இ)யில் நடுக்கை இடமிருந்து வலமாகப் படுத்திருக்கிறது. இடமுனையில் குட்டைக் கை மேலே நிற்கிறது. வலமுனையிலிருந்து நாலு கட்டைக் கை உங்களை நோக்கி வருகிறது, அதன் முனையிலிருந்து மூன்று கட்டைக் கை இடப்பக்கம் திரும்புகிறது. ‘ப’ வடிவம் அப்படியே இருக்கிறது, குட்டைக் கையும் அதன் தளத்துக்கு வெளியேதான் நிற்கிறது. மூல உருவத்தைச் சாய்த்து வைத்ததுபோலவே தோன்றும். இடமுனையில் போய் நின்று வலப்பக்கம் பாருங்கள். பக்கத்துக் கை மேலே, 12 மணி. தூரத்துக் கை தாளிலிருந்து நம்மை நோக்கி வருவது. அங்கே நிற்பவருக்கு அது வலது கைப்பக்கம், 3 மணி. பன்னிரண்டிலிருந்து மூன்று, வலஞ்சுழி. கண்ணாடி பிம்பம். சந்தேகம் இருந்தால் வலமுனையிலிருந்தும் பாருங்கள்: பக்கத்துக் கை 9 மணி, தூரத்துக் கை 12 மணி, மறுபடியும் வலஞ்சுழிதான்.

(ஈ)யில் தூண் நிற்கிறது, குட்டைக் கை தூணின் அடியிலிருந்து உங்களை நோக்கி நீள்கிறது, உச்சியிலிருந்து நாலு கட்டைக் கை இடப்பக்கம் போய் மூன்று கட்டையாகக் கீழே இறங்குகிறது. உச்சியிலிருந்து குனிந்தால் 9 மணியிலிருந்து 6 மணி, இடஞ்சுழி. இதுவும் சரி. இரண்டு சரியான விடை இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். 1978-ல் வாண்டன்பெர்க்கும் கூஸும் உருவாக்கிய தேர்வு அப்படித்தான்: நாலில் இரண்டு சரி, இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் தேர்வில் எத்தனை கேட்கிறார்கள் என்பதைக் கேள்வித்தாளின் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறை சரியாக இருந்தும் விடை தப்பினால், பெரும்பாலும் சுழியைத் தப்பாக எண்ணியிருக்க மாட்டீர்கள். படத்தைத் தப்பாகப் படித்திருப்பீர்கள். ஒரு கை நம்மை நோக்கி வருகிறதா, பின்னே போகிறதா என்பதுதான் வழக்கமாகச் சறுக்கும் இடம். அதை மாற்றிப் படித்தால் சுழியும் மாறிவிடும். கையின் முனைச் சதுரத்தைத் தேடுங்கள். முனையை மூடும் சதுரம் முழுதாகத் தெரிந்தால் கை நம் பக்கம் வருகிறது. அது தெரியாமல், கையின் கோடுகள் வேறொரு கட்டையின் விளிம்பில் முட்டி நின்றுபோனாலோ, பக்கவாட்டு முகங்கள் மட்டும் தெரிந்தாலோ, கை பின்னே போகிறது. பின்னே போகும் கையில் கட்டைகளை எண்ணும்போது, தெரிகிற ஒரு முகத்தின் குறுக்குக் கோடுகளை மட்டும் எண்ணுங்கள். இரண்டு முகத்தையும் சேர்த்து எண்ணினால் ஒரு கட்டை இரண்டாகிவிடும்.

ஒரே தளத்தில் கிடக்கும் மூன்று கைகளுக்கு முறுக்கே கிடையாது. வழியாகப் பார்த்தால் இரண்டு கையும் ஒரே பக்கமோ நேர் எதிர்ப்பக்கமோ நிற்கும். அப்படி வந்தால் அடுத்த மூன்றுக்குப் போங்கள். ஓர் உருவத்தில் முதல் மூன்று கைகளும் முறுக்கி, கடைசி மூன்று கைகளும் முறுக்கியிருந்தால், மூலத்தில் எந்த மூன்றை எடுத்தீர்களோ விடையிலும் அதே மூன்றை எடுக்க வேண்டும். அதற்காகத்தான் நீள வரிசையை முதலிலேயே எழுதச் சொன்னேன்.

பழகுவதற்குப் பத்துக் கட்டை தேவையில்லை, நாலு போதும். நாலு கனசதுரங்களை முகத்தோடு முகம் ஒட்டிச் செய்யக்கூடிய உருவங்கள் மொத்தம் எட்டு. அவற்றில் ஒரே ஒரு ஜோடிதான் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். அந்த ஜோடியில் ஒவ்வொன்றும் இரண்டு கட்டை நீளமுள்ள மூன்று கைகள், மூன்றும் மூன்று திசையில். நாம் மேலே பார்த்த முறுக்கின் மிகச் சிறிய வடிவம் அது. பீட் ஹெய்ன் உருவாக்கிய சோமா கனசதுரப் புதிரின் ஏழு துண்டுகளில் இந்த ஜோடியும் இருக்கிறது. புதிர் கிடைக்காவிட்டால் எட்டுக் கனசதுரப் பகடையும் கொஞ்சம் பசையும் போதும். இரண்டையும் கலந்து, ஒன்றைப் பார்க்காமல் எடுத்து மேசையில் வையுங்கள். தொடாமல் சுழியைச் சொல்லிவிட்டு, அப்புறம் கையில் எடுத்துத் திருப்பிச் சரிபாருங்கள். திருப்பாமலே தவறில்லாமல் சொல்ல வந்த பிறகு, அதே துண்டுகளைப் பல கோணங்களில் வைத்துத் தாளில் வரைந்து, மறுநாள் அந்தப் படங்களைப் பார்த்துச் சுழியைச் சொல்லிப் பழகுங்கள்.